பல் கிளினிக்கில் ‘தெரிந்தவரை அனுப்புங்கள்’ திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டைப் பக்கம் இரண்டு நாற்காலி போட்ட ஒரு பல் கிளினிக் நடத்துகிறேன். இங்கே புதுப் பேஷன்ட் பெரும்பாலும் வாய்வார்த்தையாகத்தான் வருவார். அதை ஒரு திட்டமாக்கலாமா என்று பழகிய டாக்டர்களும் அவர்கள் கிளினிக்கைப் பார்த்துக்கொள்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. இதில் நானே ஒருமுறை தவறு செய்து பாடம் படித்தவள்.

“ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா 300 ரூபாய் தள்ளுபடின்னு அட்டை அடிக்கலாமா?”

கூடாது. பல் மருத்துவர்களுக்கான நெறிமுறை விதிகள் 2014ல் திருத்தி வெளியிடப்பட்டன. பேஷன்டை அனுப்பியதற்கோ, பரிந்துரைத்ததற்கோ, பிடித்துக் கொடுத்ததற்கோ கைமாறாக எந்தப் பரிசும் அன்பளிப்பும் கமிஷனும் போனஸும் பல் மருத்துவர் தரவும் கூடாது, கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்கிறது அந்த விதி. வாங்குகிறவர் டாக்டராக இருந்தால்தான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தடை இருப்பது கொடுக்கிற உங்கள் கைக்கு. எதிரே நிற்பது டாக்டரா, ஆட்டோ ஓட்டுகிற அண்ணனா, பக்கத்து வீட்டு அக்காவா என்பது இரண்டாவது விஷயம்.

பணமாகத் தராமல் பில்லில் கழித்தாலும் அதே கதைதான். பாயின்ட், மொபைல் ரீசார்ஜ், தீபாவளிக்குப் புடவை, ‘மூன்று பேரை அனுப்பினால் ஒரு பல் சுத்தம் இலவசம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டே போகலாம். ஆள் வந்தால்தான் பலன் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது என்றால் அது கமிஷன். நான் வைத்திருக்கும் சோதனை இது ஒன்றுதான்.

2023ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. பல் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு மாறுவதால் இந்தத் தடையும் இளகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நம்பி யாரும் அட்டை அடிக்க வேண்டாம்.

“காசு தர வேணாம், சரி. அனுப்பினவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் மெசேஜ் போடுறதுல என்ன தப்பு?”

நான் இடறி விழுந்தது இந்த இடத்தில்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளினிக்கிலும் அந்த 300 ரூபாய் அட்டை இருந்தது. புதிதாக வருபவர் யார் பெயரைச் சொல்கிறாரோ, அவருக்கு பில்லிங் மென்பொருளிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ். போகும். ‘நீங்கள் அனுப்பிய இன்னார் சிகிச்சை முடிந்தது. நன்றி. உங்கள் கணக்கில் ரூ. 300 சேர்க்கப்பட்டது.’ பார்க்க எவ்வளவு மரியாதையாக இருக்கிறது!

ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மேல் வரிசை முன்பல் இரண்டு இல்லை. கழற்றி மாட்டுகிற சின்ன பல் செட் செய்துகொண்டார். கிளினிக் முகவரியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கும்போது “பையனுக்குப் பல் வலி” என்று சொல்லியிருக்கிறார். எங்கள் எஸ்.எம்.எஸ். அந்த அக்காவுக்குப் போனது, பையன் பெயரில் இல்லை, இவர் பெயரில். மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நாலு பேர் நடுவில், “இன்னாம்மா, பல்லு உனக்காமே?” என்று அவர் கேட்டுவிட்டார். அந்த அக்காவிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. அன்று சாயந்திரமே அந்தப் பெண் ரிசப்ஷனுக்கு வந்து, சத்தம் போடாமல், “நான் வந்தது உங்களுக்கும் எனக்கும் தானே டாக்டர், அவங்களுக்கு ஏன் சொன்னீங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த செக்கப்புக்கு அவர் வரவில்லை.

அந்த எஸ்.எம்.எஸ்.ஸில் என்ன சிகிச்சை என்று நாங்கள் எழுதவில்லை. ஆனாலும் ரகசியம் வெளியே போய்விட்டது. ஒருவர் டாக்டரிடம் வந்தார் என்பதே காக்க வேண்டிய செய்தி. எதற்கு வந்தார் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

பெயரை மட்டும் எடுத்துவிட்டு ‘உங்கள் மூலம் ஒருவர் வந்தார், நன்றி’ என்று போடலாமே என்று அப்போது எங்கள் மென்பொருள் ஆள் சொன்னார். யோசித்துப் பாருங்கள். அந்த அக்கா இந்த வருடத்தில் நம் முகவரியைச் சொன்னது ஒரே ஒருவரிடம். பெயர் இல்லாவிட்டால் என்ன, யார் என்று தெரியாதா? அவருடைய கணக்கில் 300 ரூபாய் ஏறியதே போதும், ‘அவள் போனாள், பணமும் கட்டினாள்’ என்று அது சொல்லிவிடும். கைமாறு கொடுக்கிற எந்தத் திட்டத்திலும் இந்த ஓட்டை இருக்கும். கணக்கு ஏற வேண்டுமென்றால் ஆள் வந்தது தெரிந்தாக வேண்டும். அதனால் கைமாறுத் தடையும் ரகசியக் காப்பும் இங்கே தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. முதலாவதை மீறினால் இரண்டாவது தானாக உடையும்.

நன்றியை நேரில் சொல்லுங்கள், யாரையும் குறிக்காமல். அந்த அக்கா தன் பல்லைக் காட்ட வரும்போது, “நீங்க எங்களைப் பத்தி நாலு பேர்கிட்ட நல்லா சொல்றீங்க, சந்தோஷம்” என்றால் போதும். “நான் சொன்ன பொண்ணு வந்துச்சா டாக்டர்?” என்று கட்டாயம் கேட்பார். “யார் வந்தாங்க, வரலைன்னு நாங்க சொல்றதில்லக்கா. உங்களைப் பத்தியும் யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்பதே எங்கள் பதில். இதற்கு இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

“காசும் இல்ல, மெசேஜும் இல்ல. அப்புறம் திட்டம்னு மிச்சம் என்ன இருக்கு?”

ஒரு அட்டை இருக்கிறது. நம்மைப் பற்றிச் சொல்ல நினைக்கிறவருக்குக் காசு தேவையில்லை, சொல்வது சுலபமாக இருந்தால் போதும். ‘டோல்கேட் தாண்டி, ஒரு பேங்க் பக்கத்துல, மாடியில’ என்று அவர் திணறுவதை ஒரு அட்டை தீர்த்துவிடும்.

எங்கள் அட்டையின் முன்பக்கத்தில் டாக்டர் பெயர், படிப்பு, பதிவு எண், முகவரி, அடையாளம், நேரம், போன் எண் மட்டும் இருக்கின்றன. பக்கத்து மெட்ரோ நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்றும் போட்டிருக்கிறோம். ‘வலியே இல்லாத’, ‘நம்பர் 1’, ‘கேரண்டி’ எதுவும் கிடையாது. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று படம் கிடையாது. அனுப்பியவரின் பெயரோ குறியீட்டு எண்ணோ எழுத இடமே விடவில்லை. இடம் விட்டால் என்றாவது ஒருநாள் யாராவது எழுதிவிடுவார்கள்.

நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் மத்தியானத்துக்கு மேல் தூங்குவார்கள். அவர்களுக்கு முற்பகல்தான் தோது. இது தெரியாமல் நான் பல நாள் மாலை நேரத்தை மட்டும் விரித்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கத்தில்தான் அட்டையின் உயிர் இருக்கிறது. அடிபட்டுப் பல் முழுசாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஐந்து வரி:

நிரந்தரப் பல் என்றால் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள்.
அழுக்கு இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசுங்கள். தேய்க்காதீர்கள்.
முடிந்தால் அதே குழியில் திரும்பச் செருகி, துணியை மெல்லக் கடித்துக்கொள்ளுங்கள்.
முடியாவிட்டால் பாலில் போட்டு, உடனே எந்தப் பல் டாக்டரிடமாவது போங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் நல்லது.
பால் பல்லைத் திரும்பச் செருகக் கூடாது.

வியாசர்பாடியில் பந்து உதைக்காத பையன் யார்? தெருக் கிரிக்கெட்டில் முன்பல் போவதும் நமக்குப் புதிதில்லை. அதனால் இந்த அட்டையை வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைக்கிறார்கள், கோச் பையில் போட்டுக்கொள்கிறார். ‘எந்தப் பல் டாக்டரிடமாவது’ என்று நான் எழுதியதைப் பார்த்து ஒரு நண்பர் சிரித்தார். காய்ந்துபோன வேரை வைத்துக்கொண்டு எங்கள் கிளினிக்கைத் தேடி அலைவதில் யாருக்கு என்ன லாபம்?

அட்டையை எப்போது தருவது என்பதும் முக்கியம். வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டாதீர்கள். தையல் பிரிக்க வரும் நாளிலோ, கேப் மாட்டி முடித்த நாளிலோ, மருந்துச் சீட்டோடு சேர்த்து இரண்டு அட்டை கொடுப்போம். “வீட்ல ஒண்ணு வெச்சுக்கங்க, யாராவது கேட்டா ஒண்ணு குடுங்க”, அவ்வளவுதான். இரண்டுக்கு மேல் கொடுத்தால் அவரை நம் ஏஜென்ட் ஆக்கியது போல இருக்கும். அதே அட்டையை எம்.சி. ரோட்டில் ஜவுளி வாங்க வருகிற கூட்டத்தில் ஆள் வைத்து விநியோகித்தால் அது பேஷன்ட் பிடிப்பது. விதி அதையும் தடுக்கிறது.

“யார் அனுப்பினாங்கன்னே தெரியாம, திட்டம் வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

யார் என்பது தேவையில்லை, எத்தனை பேர் என்பது போதும். புதுப் பேஷன்ட் நிரப்பும் படிவத்தில் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு வரி வையுங்கள். தெரிந்தவர் சொன்னார், வேறு டாக்டர் அனுப்பினார், போர்டைப் பார்த்தேன், இணையத்தில் பார்த்தேன் என்று நான்கு கட்டம் போதும். விருப்பமிருந்தால் டிக் அடிக்கட்டும்.

மாதக் கடைசியில் எண்ணுங்கள். ஒரு உதாரணத்துக்கு, அறுபது புதுப் பேஷன்ட் வந்து, அதில் இருபத்தைந்து பேர் முதல் கட்டத்தை டிக் அடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய திட்டமாக இருந்தால் 7,500 ரூபாய் தள்ளுபடியாகப் போயிருக்கும். அந்த இருபத்தைந்தில் எத்தனை பேர் தள்ளுபடி இல்லாமலே வந்திருப்பார்கள் என்பதும் கடைசி வரை தெரியாது. மூன்று மாத எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு மாதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டினால், ஆடி மாதமும் பள்ளிக்கூட லீவும் ஏமாற்றிவிடும்.

ரிசப்ஷனில் இன்னொரு ஓட்டை உண்டு. புதிதாக வந்தவர் “செல்வி அக்கா சொன்னாங்க” என்பார். நம் ஆளும் பாசமாக, “ஓ, அவங்களா! போன வாரம்தான் கேப் போட்டுட்டுப் போனாங்க” என்பார். இப்போது கசிந்தது செல்வி அக்காவின் ரகசியம். எங்கள் ரிசப்ஷனில் பதில் ஒன்றுதான், “சரிங்க, உட்காருங்க.” பெயர் எழுதும் நோட்டும் இப்போது மேஜைக்கு உள்பக்கம், மூடியபடி. முன்பெல்லாம் திறந்து கிடக்கும். அடுத்து வருபவர் தலைகீழாகவே படித்துவிடுவார்.

“பேஷன்டே அவங்க சொந்தக்காரங்க நம்பர் தர்றாங்க. நாங்க கூப்பிட்டுப் பேசினா என்ன?”

அந்த நம்பர் அவருடையது அல்ல, சொந்தக்காரருடையது. ஒருவர் சம்மதத்தை இன்னொருவர் கொடுக்க முடியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அதுவரை ஆடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ரகசியம் காக்கும் நெறிமுறை முன்பே இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், அந்தப் போன் எப்படி ஒலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். “உங்க மாமா உங்க நம்பரைக் குடுத்தாரு, உங்களுக்குப் பல்லு ஆடுதாமே?” இந்த ஒரே வாக்கியத்தில் மாமா நம் பேஷன்ட் என்பதும் வெளியாகிறது, மருமகனின் வாய் நிலவரமும் குடும்பத்தில் பேசப்பட்டது தெரிகிறது. யாராவது நம்பரை நீட்டினால், “அவங்களையே கூப்பிடச் சொல்லுங்க” என்று அட்டையைக் கொடுத்துவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோதான் பேச வேண்டும்.

“மெடிக்கல் ஷாப்காரர் ஆள் அனுப்புறார், மாசாமாசம் ஏதாவது செய்யுங்கன்னு கேக்குறார்.”

மேலே சொன்ன அதே தடை. லேப், எக்ஸ்ரே சென்டர், நம்மிடமிருந்து கம்பி போட ஆள் அனுப்பினால் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற ஸ்பெஷலிஸ்ட், எல்லோருக்கும் இது பொருந்தும். மறுத்தால் அவர் வேறு கிளினிக்குக்கு அனுப்புவார். அனுப்பட்டும். எங்களுக்கும் அப்படி ஒரு கடை கைவிட்டுப் போனது.

டாக்டருக்கு டாக்டர் அனுப்புவது வேறு. அதற்குக் காரணம் பேஷன்டின் தேவை, சாட்சி ஒரு கடிதம். கன்னத்தின் உள்ளே மூன்று வாரமாக ஆறாத புண், வெற்றிலை புகையிலைப் பழக்கம் என்றால், நான் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழுதுவேன். எந்த இடத்தில், என்ன அளவில், எத்தனை நாளாக, என்ன பழக்கம், என்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்காக அனுப்புகிறேன். இந்தப் புண்ணுக்குத் தேவையில்லாத எதையும் எழுதமாட்டேன். பேஷன்டுக்குப் படித்துக் காட்டி, உறையில் போட்டு, அவர் கையிலேயே கொடுப்பேன். டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் முகம் தெரிகிற படத்தோடு ‘யாராவது பாருங்க’ என்று போடுவது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. அதை நான் செய்வதில்லை.

“ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணுக்கு புது ஆளுக்கு 50 ரூபாய்னு தரலாமா?”

வேண்டாம். சம்பளத்தை உயர்த்துங்கள்.

“குடும்பமா வந்தா சலுகை தர்றதும் தப்பா?”

கட்டணத்தை அறிவிப்பதற்கு விதியில் இடம் உண்டு. அதனால் எல்லோருக்கும் ஒரே கட்டணப் பட்டியலைக் கிளினிக்கில் மாட்டலாம். முடியாதவர்களுக்குக் குறைப்பதும் உங்கள் இஷ்டம். முதியவர்களுக்கு நாங்கள் குறைக்கிறோம், அவர்கள் யாரையும் கூட்டி வர வேண்டியதில்லை. ‘நாலு பேராக வந்தால் பத்து சதவீதம்’ என்பது மட்டும் கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. நாலாவது ஆளுக்குப் பல் வலியே இல்லை, தள்ளுபடிக்காக உட்காரவைக்கிறார்கள் என்றால், அது கோட்டைத் தாண்டியதுதான். நான் ஆள் கணக்கில் எதையும் குறைப்பதில்லை.

“கூகுள்ல ரிவ்யூ போட்டா பல் சுத்தம் ஃப்ரீன்னு சொல்லலாமா? பேஷன்டே சந்தோஷமா போடுறாங்களே.”

சந்தோஷமாகப் போடுவது அவர் உரிமை. அதற்கு விலை கொடுத்தால் கூகுளின் சொந்த விதியே அதை ஏற்காது, ரிவ்யூவை நீக்கிவிடலாம்.

இதைவிட எனக்குப் பயம், நாம் எழுதும் பதிலைப் பற்றித்தான். ‘மேல் கடைவாய்ப் பல் ரூட் கேனால் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி அம்மா’ என்று டாக்டரே எழுதுகிறார். அந்த அம்மா தன் ரிவ்யூவில் ‘நல்ல டாக்டர்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தார். திட்டி எழுதியவருக்குக் கோபத்தில் கேஸ் விவரத்தையே எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. எங்கள் பதில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: ‘கருத்துக்கு நன்றி. எங்களிடம் ஏதாவது பேச வேண்டுமென்றால் கிளினிக் எண்ணுக்கு அழையுங்கள்.’ எழுதியவர் நம் பேஷன்ட் என்றுகூட அதில் ஒப்புக்கொள்ளவில்லை.

“தள்ளுபடி அட்டை ஏற்கெனவே ஊர் முழுக்கப் போயிடுச்சு. இப்ப எப்படி நிறுத்துறது?”

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் அந்தத் தானியங்கி எஸ்.எம்.எஸ்.ஸை அன்றைக்கே நிறுத்தினோம், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து, ‘அட்டைத் தள்ளுபடி நிறுத்தப்பட்டது’ என்று மேஜையில் ஒரு தாள். பல் சுத்தத்துக்கான கட்டணத்தை எல்லோருக்குமே கொஞ்சம் குறைத்து பட்டியலைத் திருத்தினோம். “அட்டை வெச்சிருக்கேனே” என்று வந்தவர்களிடம், “தப்பு எங்க மேலதாங்க, இனிமே எல்லாருக்கும் ஒரே ரேட்டு” என்றோம். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

கடைசியாக, மென்பொருளில் ‘அனுப்பியவர்’ என்ற கட்டம். அதை மறைப்பது வேறு, அழிப்பது வேறு. திரையிலிருந்து மறைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். மாத அறிக்கையை எக்செல்லில் இறக்கியபோது அத்தனை பெயரும் அப்படியே வந்து விழுந்தன. சிகிச்சைப் பதிவுகளில் கைவைக்காமல் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலி செய்யச் சொன்னோம். பழைய பேக்கப் இருந்த பென் டிரைவையும், ரிசப்ஷன் போனில் ‘ரெபரல்’ என்ற பெயரில் இருந்த வாட்ஸ்அப் பட்டியலையும் தேடி அழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.